பழைய மலர்களை எழுத்தாக்கும்போது எந்த டிகோடர்? கிரீடி, பீம், மொழி மாதிரி, சொற்பட்டியல்: ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சங்க வெளியீடுகள் என்று பழைய அச்சுப் பிரதிகள் வீடு வீடாகக் கிடக்கின்றன. 1978 நவம்பர் சூறாவளிக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் தப்பியவை பலவற்றில் தண்ணீர்க் கறை உண்டு. இவற்றை ஸ்கேன் செய்து வைக்கிறவர்கள் இப்போது பலர். படமாக வைப்பதோடு நிற்காமல், தேடக்கூடிய எழுத்தாகவும் மாற்ற வேண்டும் என்று சிலர் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் எடுப்பது சி.ஆர்.என்.என் மாடல். வரிப் படத்தைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் அந்த மாடலைப் பயிற்றுவித்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அது தரும் நிகழ்தகவுகளை எழுத்தாக மாற்றும் டிகோடர் எதுவாக இருக்க வேண்டும்?

கல்முனையில் இந்த வேலை செய்யும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணன், ஒரு பெரிய டிக்ஷனரியோட சேர்த்து விட்டாப் பிழையெல்லாம் தானாத் திருந்திடும்தானே?" இந்த இடத்தில்தான் தெரிவு பிழைத்துப் போகிறது. எங்கள் ஊர்ப் பிரதிகளுக்கு டிக்ஷனரி டிகோடர் நான்கில் கடைசித் தெரிவு. ஏன் என்று சொல்ல, மாடலுக்குள் நடப்பதை முதலில் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மாடல் என்ன தருகிறது

2015இல் ஷி, பாய், யாவ் ஆகியோர் வெளியிட்ட அமைப்பில் வரிப் படம் 32 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கப்படும். கன்வல்யூஷன் அடுக்குகள் உயரத்தை முழுவதும் மடித்து ஒன்றாக்கிவிடும். அகலத்தை ஏறத்தாழ நான்கில் ஒன்றாக மட்டும் குறைக்கும். மிஞ்சுவது இடமிருந்து வலமாக அடுக்கிய நிரல்கள். இரண்டு இருதிசை எல்.எஸ்.டி.எம் அடுக்குகள் அவற்றை வாசித்து, ஒவ்வொரு நிரலுக்கும் "இது க ஆக இருக்க இவ்வளவு, ் ஆக இருக்க இவ்வளவு, ஒன்றும் இல்லாமல் இருக்க இவ்வளவு" என்று நிகழ்தகவு தரும். அந்த "ஒன்றும் இல்லை" என்பது வெற்றுக்குறி. 2006இல் கிரேவ்ஸும் கூட்டாளிகளும் கொண்டுவந்த சி.டி.சி முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. அடுத்தடுத்து வரும் ஒரே குறியை ஒன்றாக்கு, பிறகு வெற்றுக்குறியை நீக்கு: இவ்வளவுதான் விதி.

தமிழுக்கு 32 பிக்சல் போதாது என்பது என் எண்ணம். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் இடம் பிடிப்பதால் எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது கொஞ்சம். புள்ளி ஒன்றிரண்டு பிக்சலாகத் தேய்ந்துவிடும். 48 உயரம் வைத்தால் நிலைமை தெளிவாகிறது. ஆனால் அப்போது நான்கு பூலிங்குக்குப் பிறகு உயரம் 3 மிஞ்சும். மூல அமைப்பின் கடைசி 2×2 கன்வல்யூஷன் அதை 2 ஆக்குமே தவிர 1 ஆக்காது. அந்த அடுக்கின் உயரத்தை 3 ஆக மாற்ற வேண்டும்.

வெளியீட்டு அலகு முழு எழுத்தா, யுனிகோட் குறியா என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். முழு எழுத்து என்றால் 247க்கும் மேல். ஞௌ போன்றவை பயிற்சியில் வரவே வராது. யுனிகோட் குறி என்றால் உயிர், அகர மெய், கிரந்தம், உயிர்க்குறிகள், புள்ளி எல்லாம் சேர்ந்து சுமார் 50. நான் குறிகளையே எடுப்பேன். ொ, ோ, ௌ ஆகியவை ஒற்றைக் குறியாக வரும்படி பயிற்சி உரை முழுவதையும் என்.எஃப்.சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். கொம்பு இடப்பக்கம் அச்சாகி, குறியாக மெய்க்குப் பிறகு வருவது சிக்கலாகத் தோன்றும். இருதிசை எல்.எஸ்.டி.எம் இரு பக்கத்தையும் பார்ப்பதால் அதைச் சமாளித்துக்கொள்ளும்.

கிரீடி: வேகம் உண்டு, புள்ளி போகும்

ஒவ்வொரு நிரலிலும் மிகப் பெரிய நிகழ்தகவு எதுவோ அதை எடுப்பது கிரீடி.

```python
out, prev = [], 0          # 0 = வெற்றுக்குறி
for k in probs.argmax(-1):
    if k != prev and k != 0:
        out.append(chars[k])
    prev = k
```

நல்ல தாள், நல்ல மை என்றால் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. மாடல் உறுதியாக இருக்கும் இடங்களில் மற்ற டிகோடர்களும் இதே விடையைத்தான் தரும். சறுக்குவது மங்கிய புள்ளியில்.

"கொக்கட்டிச்சோலை" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். "க்க" என்ற இடத்தில் முதல் க தெளிவு, இரண்டாவது க தெளிவு, நடுவிலுள்ள புள்ளி மட்டும் மங்கல். அந்தப் புள்ளிக்கு உரிய இரண்டு நிரல்களிலும் மாடல் வெற்றுக்குறிக்கு 0.6, புள்ளிக்கு 0.4 தருகிறது என்று வைப்போம். கிரீடி இரண்டிலும் வெற்றுக்குறியை எடுக்கும். விடை "கொககட்டிச்சோலை". அந்தப் பாதையின் நிகழ்தகவு 0.6 × 0.6 = 0.36.

புள்ளி இருக்கும் பாதைகளோ மூன்று. இரண்டு நிரலும் புள்ளி என்றால் 0.16. முதலாவது மட்டும் புள்ளி என்றால் 0.24. இரண்டாவது மட்டும் என்றால் அதுவும் 0.24. மூன்றும் மடிந்தால் ஒரே சொல்தான் வரும், கூட்டினால் 0.64. மாடல் சரியான சொல்லுக்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறது. கிரீடி பாதைகளைக் கூட்டாமல் ஒன்றை மட்டும் பார்த்ததால் புள்ளி போய்விட்டது.

பீம் தேடல்: கூட்டத் தெரியும், இலக்கணம் தெரியாது

முன்னொட்டு பீம் தேடல் செய்வது அந்தக் கூட்டலைத்தான். நிரல் நிரலாக நகரும்போது இதுவரை உருவான சிறந்த சில முன்னொட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒரே முன்னொட்டுக்கு வரும் பாதைகளை ஒன்றாகச் சேர்க்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்களைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்: வெற்றுக்குறியில் முடிந்த பாதைகளின் கூட்டு, எழுத்தில் முடிந்த பாதைகளின் கூட்டு. இரண்டையும் கலந்துவிட்டால் "பப்பாளி" போன்ற சொல் பிழைக்கும். அதன் தொடக்கத்தில் ப என்ற குறி அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது, நடுவில் வெற்றுக்குறி வந்திருந்தால்தான் இரண்டாவது ப புதிய எழுத்து. "ப்பாளி" கிடைத்தாலோ எழுத்து குறைந்தாலோ முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். வைத்துக்கொள்ளும் முன்னொட்டுகளின் எண்ணிக்கையைத்தான் பீமின் அகலம் என்கிறோம். அதை 20 அளவில் வைத்தால் வரி வாசிப்புக்குப் பொதுவாகப் போதும்.

பீம் தேடலால் தீராத ஒரு பிழை தமிழுக்கே உரியது. பழைய அச்செழுத்துகள் பலவற்றில் ரகரமும் காலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். "அவர்கள்" என்பதில் ர் இருக்கும் இடத்தை மாடல் கால் என்று வாசித்துவிட்டு மேலே புள்ளியையும் வைத்துவிடும். விளைவு "அவா்கள்". திரையில் பார்த்தால் பிழை என்று தெரியவே தெரியாது, கண் கடந்து போய்விடும். ஆனால் "அவர்கள்" என்று தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது. எழுத்தாக்கியதன் நோக்கமே அங்கே அடிபடுகிறது.

கணக்கைப் பாருங்கள். அந்த நிரலில் காலுக்கு 0.7, ரகரத்துக்கு 0.25. அடுத்த நிரலில் புள்ளிக்கு 0.9, வெற்றுக்குறிக்கு 0.1. "வா்" பெறுவது 0.63. பீமும் அதையே தெரிவு செய்யும். அகலத்தை 200 ஆக்கினாலும் மாற்றம் வராது.

இதற்கு மருந்து சின்ன விதி ஒன்று. உயிர்க்குறியோ புள்ளியோ மெய்க்குப் பின்னால் மட்டுமே வரலாம்:

```python
def allowed(prev, c):
    return c not in SIGNS or prev in CONS
```

`SIGNS` என்பதில் புள்ளியும் உயிர்க்குறிகளும், `CONS` என்பதில் அகர மெய்களும் கிரந்த எழுத்துகளும். முன்னொட்டை நீட்டும் போதெல்லாம் இதைக் கேட்க வேண்டும். காலுக்குப் பின் புள்ளி தடைப்பட்டதும் "வா்" போய்விடும். மிஞ்சும் போட்டி "வா" 0.7 × 0.1 = 0.07, "வர்" 0.25 × 0.9 = 0.225. ரகரம் வெல்கிறது. தாளில் இருக்கும் புள்ளியே அதற்குச் சாட்சி சொல்லி வெல்ல வைக்கிறது. அகராதி எதுவும் தேவைப்படவில்லை, பெயர்ச்சொல் எதுவும் மாறவில்லை. தமிழுக்குப் பீம் தேடல் போடுகிறவர்கள் இந்த விதி இல்லாமல் போடவே கூடாது என்பேன்.

கிரீடி விடையை எடுத்து "ா்" இருக்கும் இடத்தையெல்லாம் "ர்" என்று பிறகு மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். அந்த ஒரு வடிவத்துக்குப் போதும். ஆனால் இதே விதி "ிீ" போல உயிர்க்குறி இரட்டிப்பதையும், உயிரெழுத்தின் மேல் குறி ஏறுவதையும் தடுக்கிறது. தடுத்த இடத்தில் என்ன வர வேண்டும் என்பதை நிகழ்தகவைப் பார்த்தே தீர்மானிக்கிறது. பிந்திய மாற்றீட்டுக்கு அந்த நிகழ்தகவு கையில் இருக்காது.

எழுத்து மொழி மாதிரி: எங்கே தேவை, எவ்வளவு

விதியால் தீராதவையும் உண்டு. "மௌலவி" என்று அச்சில் வந்தால் அதை ம, ௌ என்றும் வாசிக்கலாம், மெ, ள என்றும் வாசிக்கலாம். பல அச்செழுத்துகளில் ௌகாரத்தின் வலப்பக்கம் ளகரமேதான். படத்தில் வேறுபாடே இல்லை. இரண்டும் இலக்கணப்படி வரக்கூடியவை. காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பிரதிகளில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். "பௌர்ணமி", "கௌரவம்" ஆகியவையும் அப்படியே. எந்த எழுத்துக்குப் பின் எது வழக்கமாக வரும் என்று தெரிந்த ஒன்றுதான் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியும்.

சொற்களை விட்டு எழுத்துகளின் வரிசையை மட்டும் எண்ணும் ஆறு குறி அளவிலான மாதிரி இதற்குப் போதும். உரையின் குறிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, சொல்லிடைவெளிக்கு வேறொரு குறி போட்டு, `KenLM` கொண்டு செய்யலாம்:

```
lmplz -o 6 --discount_fallback < chars.txt > tamil6.arpa
```

`--discount_fallback` இல்லாமல் ஓட்டினால் எழுத்து அளவிலான உரையில் அது பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும். இன்னொன்று: `KenLM` தரும் மதிப்பு பத்தின் அடிப்படையிலான மடக்கை. உங்கள் சி.டி.சி மதிப்பு இயற்கை மடக்கையாக இருந்தால் 2.303ஆல் பெருக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் மாதிரியின் செல்வாக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

முன்னொட்டில் புதிய குறி ஒன்று சேரும்போது மட்டும் மாதிரியின் மதிப்பைக் கூட்ட வேண்டும், ஒவ்வொரு நிரலிலும் அல்ல. மொத்த மதிப்பு இப்படி:

```
score = log P_ctc + α · log P_lm + β · நீளம்
```

β இல்லாவிட்டால் மாதிரி குறுகிய விடைகளின் பக்கம் சாயும், எழுத்துகள் காணாமல் போகும். மாதிரிக்குக் கொடுக்கும் எடையான α எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும். 0.2 முதல் 0.5 வரை வைத்துப் பயிற்சியில் சேராத வரிகளில் சோதிக்கலாம். நான் குறைந்த பக்கத்திலேயே நிற்பேன். காரணம், மாதிரியை எந்த உரையில் செய்தோம் என்பது விடையில் இறங்கும். இணையத்தில் கிடைக்கும் தமிழ் உரையில் "களுதாவளை", "அம்பிளாந்துறை", "முல்லைக்காரர்" எத்தனை முறை வரும்? α பெரிதானால் மாதிரி தனக்குப் பழக்கமான வடிவத்துக்கு இழுக்கும். அத்தோடு அந்த உரையிலேயே "மெளலவி" என்று தட்டெழுதியவர்கள் ஏராளம். அதைச் சுத்தப்படுத்தாமல் மாதிரி செய்தால் அது பிழையைத்தான் கற்றுக்கொள்ளும். ஏற்கெனவே கையால் தட்டெழுதிய உள்ளூர் மலர் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றையும் உரையில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

சொற்பட்டியல்: தம்பியின் கேள்விக்கு வருவோம்

பட்டியலில் உள்ள சொற்களை மட்டும் விடையாக ஏற்கும் டிகோடர் ஆங்கிலத்தில் கடைப் பெயர்ப்பலகை வாசிக்க நன்றாக வேலை செய்கிறது. தமிழ் உரைநடைக்கு ஏன் ஒத்துவராது? "கொக்கட்டிச்சோலை" பட்டியலில் இருக்கலாம். "கொக்கட்டிச்சோலையிலிருந்து", "கொக்கட்டிச்சோலைக்குச்", "கொக்கட்டிச்சோலையைச்" எல்லாம் இருக்குமா? வேற்றுமை உருபு, ஒட்டு, வல்லினம் மிகுதல் என்று ஒவ்வொரு சொல்லும் கிளைவிடுகிறது. எவ்வளவு பெரிய பட்டியலானாலும் பக்கத்துக்குப் பல சொற்கள் வெளியே நிற்கும்.

வெளியே நிற்கும் சொல்லுக்கு நேர்வதுதான் எனக்குக் கவலை. எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். பொதுப் பட்டியலில் அந்தச் சொல் இல்லை என்று வையுங்கள். "மேட்டு வட்டை" என்று தெளிவாக அச்சாகியிருந்தாலும், பட்டியலில் படத்துக்குக் கிட்ட வரும் சொல்லைத் தேடி "மேட்டு மட்டை" என்றோ "மேட்டு சட்டை" என்றோ தந்துவிடும். "வட்ைட" என்று வந்திருந்தால் திருத்துகிறவர் நிறுத்திப் பார்ப்பார். "மட்டை" சரியான சொல், கண் நிற்காது. போடியார், வட்டைவிதானை, ஊர்ப் பெயர், ஆள் பெயர் என்று எதற்காக அந்த மலரைப் பாதுகாக்கிறோமோ அவையெல்லாம்தான் இப்படி முதலில் அடிபடும்.

பட்டியல் பொருந்தும் இடமும் உண்டு. நன்கொடையாளர் அட்டவணையில் "கிராமம்" என்ற ஒரு நிரலை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறீர்கள், அதில் வரக்கூடிய ஊர்கள் அனைத்தும் உங்களுக்குத் தெரியும் என்றால் பட்டியலைப் பயன்படுத்துங்கள். மாதப் பெயர், நட்சத்திரப் பெயர் போன்ற மூடிய தொகுதிகளுக்கும் அது சரி.

டிகோடரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது

பிழையான விடை ஒன்று கிடைத்தால் குற்றம் மாடலிலா தேடலிலா என்று பிரித்துப் பார்க்க எளிய சோதனை இருக்கிறது. சரியான உரையைக் கையால் தட்டெழுதி, அதே நிகழ்தகவுகளின் மேல் அதன் சி.டி.சி மதிப்பைக் கணக்கிடுங்கள். பயிற்சியில் இழப்பைக் கணக்கிடும் அதே செயல்தான். டிகோடர் தந்த விடைக்கும் அப்படியே கணக்கிடுங்கள். சரியான உரை கூடுதல் நிகழ்தகவு பெற்றிருந்தால் தேடல் அதைத் தவறவிட்டிருக்கிறது: கிரீடியிலிருந்து பீமுக்குப் போங்கள், அல்லது அகலத்தைக் கூட்டுங்கள். குறைவாகப் பெற்றிருந்தால் மாடலுக்கே அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கொஞ்சம்தான் குறைவு என்றால் விதியோ மாதிரியோ ஈடுகட்டும். பிழைத்த நிரலில் சரியான குறிக்கு 0.0001 அளவில்தான் இருக்கிறதென்றால் எந்த டிகோடரும் உதவாது.

பழைய மலர்களில் இந்தக் கடைசி வகை அதிகம் வருவது லை, ளை, ணை, னை எழுத்துகளில். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் இவை யானைத் தும்பிக்கை போல வளைந்த ஒற்றை வடிவமாக இருக்கும். இன்றைய எழுத்துருக்களால் செய்த செயற்கை வரிகளில் மட்டும் பயிற்றுவித்த மாடல் அந்த வடிவத்தைக் கண்டதே இல்லை. கொக்கட்டிச்சோலையின் லையும் களுதாவளையின் ளையும் ஒவ்வொரு முறையும் பிழைக்கும். அங்கே டிகோடரோடு மல்லுக்கட்டாமல் பழைய வரிகளைத் தட்டெழுதிப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

சரி, என் தெரிவு: யுனிகோட் குறிகள், 20 அகல முன்னொட்டு பீம், மெய்க்குப் பின்தான் குறி என்ற விதி, அதோடு மிதமான α கொண்ட எழுத்து மாதிரி. மாதிரி செய்ய நல்ல உரை கைவசம் இல்லாவிட்டால் அதை விட்டுவிட்டு விதியோடு நிறுத்துங்கள். இழப்பு பெரிதாக இராது. கிரீடியையும் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறையிலும் வாசித்து, விடைகள் வேறுபடும் சொற்களுக்கு மட்டும் நிறமிட்டு, பக்கத்தில் வரிப் படத்தையும் வைத்துத் திருத்துகிறவரிடம் கொடுங்கள். மாதிரி எங்கெல்லாம் தாளை மீறிப் பேசியதோ அங்கெல்லாம் நிறம் விழும். பெயர்கள் பெரும்பாலும் அந்த நிறத்துக்குள் வந்துவிடும்.

அளக்கும்போது மொத்த எழுத்துப் பிழை வீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். சோதனைப் பக்கங்களில் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் குறித்து வைத்து, அவற்றின் பிழையைத் தனியாக எண்ணுங்கள். α கூட்டும்போது மொத்த வீதம் இறங்கி, பெயர்ப் பிழை ஏறுகிறதென்றால் அந்த α வேண்டாம்.